பேச்சைத் திறக்கும் கிரேக்கம், மூடும் தமிழ்

புதிய ஏற்பாட்டின் மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் மேற்கோள் குறிகள் கிடையாது. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளிகூடப் பெரும்பாலும் இருக்காது. பெரிய எழுத்துகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு வரிசையாகப் போகும். ஆனால் நற்செய்தி நூல்களில் பக்கத்துக்குப் பக்கம் யாராவது பேசிக்கொண்டேதான் இருக்கிறார்கள். பேச்சு தொடங்குவதை வாசகருக்கு உணர்த்துவது 'சொன்னான்', 'நினைத்தான்', 'அறிந்தான்' போன்ற வினையும், பல இடங்களில் அதன் பின்னால் வரும் 'ஹொட்டி' என்ற சின்னச் சொல்லும்தான். அது வந்துவிட்டால், இனி வருவது ஒருவரின் பேச்சு அல்லது எண்ணம் என்று புரிந்துகொள்ளலாம். அது எங்கே முடிகிறது என்று காட்ட மட்டும் கிரேக்கத்தில் தனிச்சொல் இல்லை.

தமிழில் நிலைமை தலைகீழ். நம் 'என்று' பேச்சின் வாலில் நிற்கிறது. 1714, 1715ஆம் ஆண்டுகளில் தரங்கம்பாடியில் அச்சான சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு தொடங்கி, கிரேக்கத்திலிருந்து மொழிபெயர்த்த ஒவ்வொருவரும் இந்த வேறுபாட்டோடு மல்லுக்கட்டியே ஆக வேண்டியிருந்தது.

முதல் சிக்கல், ஹொட்டிக்குப் பின்னால் வருவது பேசியவரின் சொற்களேதானா, அல்லது கதை சொல்பவர் தம் வாயால் மாற்றிச் சொல்வதா என்பது. கிரேக்கத்தில் இரண்டுக்கும் அதே ஹொட்டிதான். போதாததற்கு 'ஏனென்றால்' என்ற பொருளும் அதற்கு உண்டு. யோவான் 10ஆம் அதிகாரம் 36ஆம் வசனத்தில் ஒரே வாக்கியத்தில் இரண்டு ஹொட்டிகள் வருகின்றன. எதிராளிகளிடம் இயேசு, தம்மைப் பற்றி அவர்கள் சொல்லும் குற்றச்சாட்டைத் திருப்பிக் கேட்கிறார். 'நீங்கள் சொல்கிறீர்கள்' என்ற வினைக்கு அடுத்து முதல் ஹொட்டி. உடனே 'தூஷிக்கிறாய்' என்று முன்னிலை ஒருமை வினை. பேசுகிறவர் இயேசு, கேட்கிறவர்கள் பலர். அப்படியிருக்க இந்த 'நீ' யார்? இயேசுவேதான். எதிராளிகள் அவர் முகத்துக்கு நேரே சொன்ன சொல் அப்படியே எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது ஹொட்டிக்குப் பின் வருவது அந்தக் குற்றச்சாட்டுக்கான காரணம்: தம்மைக் கடவுளின் மகன் என்று அவர் சொன்னது. ஆகவே தமிழில் முதலாவது 'என்று' ஆகும், இரண்டாவது 'சொன்னதால்' ஆகும். இந்த இடத்தில் 'நான் தூஷிப்பதாக நீங்கள் சொல்கிறீர்கள்' என்று மாற்றினாலும் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் எதிராளிகளின் குரல் போய்விடும். 'தூஷிக்கிறாய் என்று' என்று விட்டால் அது நிற்கும்.

இந்த வகையில் தமிழ் கிரேக்கத்துக்கு ஆங்கிலத்தைவிட நெருக்கமானது என்றே நான் நினைக்கிறேன். காலத்தைக் கவனியுங்கள். கிரேக்கத்தில் 'சொன்னான்' இறந்த காலத்தில் இருந்தாலும், ஹொட்டிக்குப் பின் வரும் வினை பொதுவாக, பேசியவர் சொன்ன காலத்திலேயே நிற்கும். தமிழிலும் 'வருகிறேன் என்று சொன்னான்' என்போம். ஆங்கிலம் அந்த உள்வினையையும் இறந்த காலத்துக்குத் தள்ளிவிடும். யோவான் 4ஆம் அதிகாரத்தின் தொடக்கத்தில் இதைப் பார்க்கலாம். அங்கே கிரேக்க வரிசை இப்படிப் போகிறது: இயேசு அறிந்தார், அதற்குள் பரிசேயர் கேள்விப்பட்டது, அதற்குள் யோவானைவிட இயேசு அதிகம் பேரைச் சீடராக்குகிறார் என்ற செய்தி. இரண்டு ஹொட்டிகள், ஒன்றுக்குள் ஒன்று. கடைசி வினை நிகழ்காலம். ஆங்கில வழியாக மொழிபெயர்ப்பவர்கள் அதை 'ஆக்கிக்கொண்டிருந்தார்' என்று எழுதிவிடுவார்கள். அப்படி எழுதினால், பரிசேயர் காதுக்கு வந்தது முடிந்துபோன பழைய செய்தி என்ற பொருள் வந்துவிடுகிறது. 'ஆக்குகிறார் என்று' என்பதே மூலத்துக்கும் சரி, தமிழுக்கும் சரி.

அதே வாக்கியம் வரிசையையும் புரட்டிப்போடுகிறது. கிரேக்கத்தில் வெளியிலிருந்து உள்ளே போகிறோம். தமிழில் உள்ளேயிருந்து வெளியே வருகிறோம். செய்தி முதலில், பிறகு பரிசேயர், கடைசியில் இயேசு. இரண்டு ஹொட்டிக்கும் இரண்டு 'என்று' போட்டால் '...ஆக்குகிறார் என்று பரிசேயர் கேள்விப்பட்டார்கள் என்று இயேசு அறிந்தார்' என்று நாக்கு இடறும். வெளிப்புறத்தில் இருப்பதைக் 'கேள்விப்பட்டதை' என்று பெயராக்கிவிட்டால் வாக்கியம் நடக்கும்: '...ஆக்குகிறார் என்று பரிசேயர் கேள்விப்பட்டதை இயேசு அறிந்தார்.'

ஹொட்டியே இல்லாமல் எண்ணத்தைச் சொல்லும் வழியும் கிரேக்கத்தில் உண்டு. வினையெச்சம் போன்ற ஒரு வடிவத்தை வைத்து, எண்ணத்தின் எழுவாயை இரண்டாம் வேற்றுமையில் நிறுத்துவார்கள். லூக்கா 2ஆம் அதிகாரத்தில் பன்னிரண்டு வயது இயேசு எருசலேமிலேயே தங்கிவிடுகிறார். பெற்றோருக்கு அது தெரியாது. பயணக் கூட்டத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு நாள் வழி நடக்கிறார்கள். கிரேக்கத்தில் 'அவனை இருக்க எண்ணி' என்பது போன்ற அமைப்பு. அந்த 'இருக்க'வில் திணை, பால், எண், இடம் எதுவும் இல்லை. தமிழில் 'என்று' போட்டவுடனே அதற்கு முன்னால் ஒரு முற்றுவினை வந்தாக வேண்டும். இருக்கிறானா, இருப்பானா, இருப்பாரா?

இதில் காலம் சிறிய கேள்வி. ஊகம் என்பதால் 'இருப்பா-' பொருந்தும். பெரிய கேள்வி மரியாதை. நினைப்பது தாயும் தந்தையும். அவர்கள் மனத்தில் பன்னிரண்டு வயது மகன் 'அவன்'தான். ஆனால் வாசிப்பவர் பக்தர். பழைய மொழிபெயர்ப்பு 'இருப்பார்' என்றே போடுகிறது, பெற்றோரின் எண்ணத்துக்குள்ளும் சபையின் மரியாதை நுழைந்துவிடுகிறது. அதே மொழிபெயர்ப்பில் எதிராளிகள் பேசும்போது 'இவன்' என்றே பேசுகிறார்கள். அங்கே 'என்று'க்குள் பேசுகிறவரின் மனம் மதிக்கப்படுகிறது, இங்கே இல்லை. கிரேக்கத்தில் இப்படி ஒரு தேர்வே எழுவதில்லை. என் கருத்தில், 'என்று'க்குள் வருவது யாருடைய எண்ணமோ அவருடைய மரியாதையே செல்லும். தாய்க்கு 'இருப்பான்' என்பதுதான் உண்மை.

இவை எல்லாவற்றையும்விடக் கடினமானது பேச்சு முடியும் இடம். யோவான் 3ஆம் அதிகாரத்தில் இரவில் தேடிவந்த நிக்கொதேமுவிடம் இயேசு பேசுகிறார். 10ஆம் வசனத்தில் தொடங்கும் அவர் பதில் எங்கே முடிகிறது? சிலர் 15 என்கிறார்கள். 16இலிருந்து வருவது நூலாசிரியரின் சிந்தனை என்பது அவர்கள் வாதம். சிலர் 21 வரை இயேசுவே பேசுகிறார் என்கிறார்கள். கிரேக்க மூலம் மௌனமாக இருக்கிறது. பழைய ஆங்கில மொழிபெயர்ப்பிலும் மேற்கோள் குறி இல்லாததால் அதுவும் மௌனமாக இருக்க முடிந்தது. குறி போடும் பிற்கால ஆங்கிலப் பதிப்புகள் சில 15இலும் சில 21இலும் மூடுகின்றன.

தமிழுக்கு மௌனம் வாய்க்கவில்லை. பேச்சைத் தொடங்கி முக்காற்புள்ளி வைத்துவிட்டால், எங்கேயாவது 'என்றார்' வந்தாக வேண்டும். பழைய மொழிபெயர்ப்பில் அது 21ஆம் வசனத்தின் கடைசிச் சொல். கிறிஸ்தவ உலகம் மிக அதிகமாக மனப்பாடம் செய்திருக்கும் 16ஆம் வசனம் இயேசுவின் வாயிலிருந்து வந்ததா, யோவானின் பேனாவிலிருந்து வந்ததா என்ற விவாதத்துக்குத் தமிழ் வாசகர் அறியாமலேயே ஒரு விடை கையில் கொடுக்கப்பட்டுவிட்டது.

'என்றார்' எழுதாமல் தப்பிக்க வழி தேடுவது வீண். அது வராத தமிழ் வாக்கியம் தொங்கும். மொழிபெயர்ப்பாளர் தமக்குச் சரியென்று படும் இடத்தில் அதை வைக்கட்டும். ஆனால் 15க்கும் 21க்கும் நடுவே கருத்து வேறுபாடு உண்டு என்று பக்கத்தின் அடியில் ஒரு வரி எழுத வேண்டும். உங்கள் வீட்டில் வேதாகமம் இருந்தால் அந்த அதிகாரத்தை எடுத்து, 'என்றார்' எந்த வசனத்தில் விழுகிறது, அடியில் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.