டார்வினைத் திருத்த வைத்தவர்கள்

சார்லஸ் டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' 1859 நவம்பர் 24 அன்று லண்டனில் வெளியானது. ஜான் மர்ரே பதிப்பகம் முதல் அச்சில் போட்டது 1,250 பிரதிகள். 1872-க்குள் அந்தப் புத்தகம் ஆறு பதிப்புகள் கண்டது, ஒவ்வொன்றிலும் டார்வின் கை வைத்தார். முதல் பதிப்பையும் ஆறாவது பதிப்பையும் அருகருகே வைத்துப் படிப்பவர்களுக்கு ஒன்று விளங்கும்: முதலாவதை எழுதியவர் துணிச்சல்காரர். ஆறாவதை எழுதியவர் நிறைய அடி வாங்கியவர்.

அடித்தது யார் என்று கேட்டால், பாதிரிமார் என்று உடனே பதில் வரும். குரங்கு, ஆதாம், ஆக்ஸ்போர்டு விவாதம் எல்லாம் நினைவுக்கு வரும். அதெல்லாம் நடந்ததுதான். ஆனால் டார்வின் உட்கார்ந்து பக்கங்களை அடித்துத் திருத்தியதற்குப் பெரும்பாலும் காரணமாக இருந்தவர்கள் நிலவியலாளர்கள், ஓர் இயற்பியலாளர், கடலடித் தந்திக் கம்பி பதிக்கும் ஒரு பொறியாளர்.

உயிரினங்கள் காலப்போக்கில் மாறுகின்றன என்பது டார்வினின் கண்டுபிடிப்பு அல்ல. அவருடைய தாத்தா எராஸ்மஸ் டார்வின் சொல்லியிருக்கிறார், பிரான்சில் லமார்க் சொல்லியிருக்கிறார். ராபர்ட் சேம்பர்ஸ் என்பவர் 1844-இல் பெயர் போடாமல் அதையே ஒரு புத்தகமாக எழுதி, நன்றாக விற்று, அறிஞர்களிடம் நன்றாகத் திட்டும் வாங்கினார். இவர்கள் யாராலும் மற்றவர்கள் ஒப்பும்படி சொல்ல முடியாமல் போனது, எந்த விசை அந்த மாற்றத்தை உண்டாக்குகிறது என்பதைத்தான்.

டார்வினுக்கு அது 1838 செப்டம்பர் இறுதியில் கிடைத்தது. பீகிள் கப்பலில் உலகைச் சுற்றித் திரும்பி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. மக்கள்தொகை பற்றி மால்தஸ் எழுதிய நூலை அப்போது வாசித்தார். உணவு பெருகும் வேகத்தைவிட மக்கள் பெருகும் வேகம் அதிகம் என்பது மால்தஸின் வாதம். டார்வின் அதை விலங்கு, செடி எல்லாவற்றுக்கும் பொருத்திப் பார்த்தார். பிற்பாடு புத்தகத்தில் அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் யானை, ஏனென்றால் அறிந்த விலங்குகளில் மிக மெதுவாகப் பெருகுவதாக அன்று கருதப்பட்டது அதுதான். ஒரு ஜோடி யானை முப்பது வயதிலிருந்து தொண்ணூறு வரை மூன்று ஜோடிக் குட்டிகளை மட்டுமே ஈன்றாலும், எதுவும் தடுக்காவிட்டால் 500 ஆண்டுகளில் ஒன்றரைக் கோடி யானைகள் இருக்கும் என்றார். (கணக்கு தப்பு. வாசகர்கள் சுட்டிக்காட்ட, கடைசிப் பதிப்பில் 740–750 ஆண்டுகள், ஏறத்தாழ 1.9 கோடி யானைகள் என்று மாறியது. வாதத்துக்கு அதனால் ஒன்றும் ஆகவில்லை.)

பூமியில் அத்தனை யானைகள் இல்லை. அப்படியானால் பிறப்பவற்றில் பெரும்பகுதி குட்டி போடாமலே சாகிறது. பிறப்பவை எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவையும் அல்ல. ஒன்றுக்குக் கால் சற்று நீளம், இன்னொன்றுக்குத் தோல் சற்றுத் தடிப்பு. பிழைக்க உதவும் வேறுபாடு எதுவோ அதை உடையவை சற்று அதிகமாகப் பிழைக்கும், அந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கும் கொடுக்கும். புறா வளர்ப்பவர் தனக்குப் பிடித்த புறாவைத் தேர்ந்தெடுத்து இணை சேர்க்கிறார். இயற்கையில் தேர்ந்தெடுக்க ஆளில்லை, சாவுதான் அந்த வேலையைச் செய்கிறது. இதுதான் இயற்கைத் தேர்வு.

1842-இல் பென்சிலால் ஒரு சுருக்கம் எழுதினார், 1844-இல் அதை விரித்து எழுதினார். தான் இறந்துபோனால் அச்சிட 400 பவுண்டு செலவிடும்படி மனைவி எம்மாவுக்குக் கடிதம் எழுதி வைத்துவிட்டு, கொட்டலசு எனும் கடலொட்டி உயிரிகளை ஆராயப் போனவர் அதிலேயே எட்டு ஆண்டுகளைக் கழித்தார். சேம்பர்ஸ் வாங்கிய அடியைப் பார்த்த பயமும் அதில் இருந்திருக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது.

1858 ஜூனில் ஒரு தபால் வந்து அந்தத் தாமதத்தை முடித்தது. அனுப்பியவர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். வசதியில்லாத குடும்பம், பதினான்கு வயதோடு பள்ளிப் படிப்பு முடிந்தது. பறவைகளையும் வண்டுகளையும் சேகரித்து விற்றுப் பிழைத்தவர். இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் காய்ச்சலில் படுத்திருந்தபோது மால்தஸ் நினைவுக்கு வர, டார்வின் இருபது ஆண்டுகளாகப் பொத்தி வைத்திருந்ததையே தானாகக் கண்டடைந்து எழுதி, கருத்துக் கேட்டு அவருக்கே அனுப்பியிருந்தார். டார்வினின் நண்பர்கள் லயலும் ஹூக்கரும் இருவர் எழுத்தையும் சேர்த்து ஜூலை 1 அன்று லின்னேயன் சங்கத்தில் வாசிக்க வைத்தார்கள். வாலஸ் தீவில் இருந்தார். டார்வினின் கைக்குழந்தை மூன்று நாள் முன்புதான் இறந்திருந்தது. இருவரும் இல்லாமலே கூட்டம் நடந்தது, பெரிய சலசலப்பும் இல்லை. அந்த ஆண்டில் அறிவியலைப் புரட்டிப்போடும் கண்டுபிடிப்பு எதுவும் வரவில்லை என்று சங்கத் தலைவர் பின்னர் அறிக்கையில் எழுதினார்.

சலசலப்பு புத்தகம் வந்த பிறகுதான். அதன் காரணத்தைக் குரங்கோடு நிறுத்துவது போதாது. அன்றைய இங்கிலாந்தில் படித்தவர்களுக்குக் கடவுள் நம்பிக்கையின் அறிவியல் ஆதாரமாக இருந்தது வில்லியம் பேலியின் வாதம்: கடிகாரத்தைப் பார்த்தால் செய்தவன் ஒருவன் உண்டு என்று தெரிகிறது, கண்ணைப் பார்த்தாலும் அப்படியே. கேம்பிரிட்ஜில் மாணவராக இருந்தபோது டார்வினே பேலியை ரசித்துப் படித்தவர். இப்போது அவர் சொன்னது, செய்தவன் இல்லாமலே கண் உருவாகலாம் என்பது. அதிலும் மோசம், உருவாகும் வழியில் அன்போ நோக்கமோ இல்லை, எண்ணற்ற சாவுகள்தான் இருக்கின்றன. புழுவுக்குள் முட்டையிட்டு, அதை உயிரோடு தன் குஞ்சுகளுக்கு உணவாக்கும் குளவியைக் கருணையுள்ள கடவுள் வேண்டுமென்றே படைத்திருப்பார் என்று தன்னால் நம்ப முடியவில்லை என அமெரிக்கத் தாவரவியலாளர் ஆசா கிரேக்கு 1860-இல் எழுதினார். உயிர்கள் மாறி வந்தன என்பதைக் கடவுளின் வழிமுறை என்று ஏற்றுக்கொள்ள முடிந்த பலருக்கும், இந்தக் குருட்டுத் தேர்வு தொண்டைக்குள் இறங்கவில்லை.

இந்தத் தரப்புக்காக டார்வின் செய்த திருத்தம் சிறியது. உயிருக்கு முதல் மூச்சு தரப்பட்டது என்ற கடைசி வாக்கியத்தில், இரண்டாம் பதிப்பில் 'படைத்தவரால்' என்று சேர்த்தார். பொதுமக்கள் கருத்துக்குப் பணிந்துவிட்டதற்காகப் பின்னால் ஹூக்கரிடம் வருந்தவும் செய்தார்.

மூன்றாம் பதிப்பில் வெட்டுப்பட்டது அதைவிடப் பெரியது. இயற்கைத் தேர்வு மெதுவானது, அதற்குக் காலம் வேண்டும். எவ்வளவு காலம் இருந்தது என்று காட்ட, தென்கிழக்கு இங்கிலாந்தின் வீல்டு பள்ளத்தாக்கைக் கணக்கிட்டார். 22 மைல் அகலம், 1,100 அடி தடிப்புள்ள பாறை அரித்துப் போயிருக்கிறது. 500 அடி உயரப் பாறைச் சுவரைக் கடல் நூறாண்டுக்கு ஓர் அங்குலம் தின்னும் என்று வைத்தால் 30 கோடி ஆண்டுகளுக்கு மேல் வருகிறது. கடல் மட்டும்தானா, மழையும் ஆறும் அரிக்காதா, ஓர் அங்குலம் என்பது எங்கிருந்து வந்தது என்று நிலவியலாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1861-இல் அந்தக் கணக்கு புத்தகத்திலிருந்தே காணாமல் போனது.

அடுத்த ஆண்டே வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, இன்னும் கடுமையான அடியைக் கொடுத்தார். உருகிய நிலையிலிருந்து ஆறத் தொடங்கிய பூமி இன்றைய வெப்பநிலைக்கு வர எவ்வளவு காலம் ஆகும்? 2 கோடியிலிருந்து 40 கோடி ஆண்டுகள், அநேகமாகப் பத்துக் கோடிக்குள் என்றார். பிற்காலத்தில் அதையும் சுருக்கிக்கொண்டே போனார். அன்றைய இயற்பியலில் அவர் சொல்லுக்கு மறுசொல் இல்லை. தன்னை மிகவும் வதைத்த தொல்லைகளில் ஒன்று இது என்று டார்வின் வாலஸிடம் ஒப்புக்கொண்டார். உள்ளே பாறை அசையாமல் வெப்பத்தைக் கடத்துகிறது என்று கெல்வின் கருதியதுதான் கோளாறு. பூமியின் உட்பகுதி மெல்லப் புரண்டு வெப்பத்தை மேலே கொண்டுவந்தால் வயது பல மடங்கு கூடும் என்று அவருடைய பழைய உதவியாளர் ஜான் பெர்ரி 1895-இல் காட்டினார். இன்று நாம் அறிந்த வயது சுமார் 450 கோடி ஆண்டுகள். டார்வின் 1882-லேயே இறந்துவிட்டார்.

கெல்வினோடு தந்திக் கம்பித் தொழிலில் கூட்டு வைத்திருந்தவர் ஃபிளீமிங் ஜென்கின் என்ற பொறியாளர். 1867-இல் ஒரு பத்திரிகையில் பெயரின்றி வெளியான அவருடைய மதிப்புரை, என் கணக்கில், டார்வினுக்கு வந்த எதிர்ப்புகளிலேயே கூர்மையானது. பெற்றோர் இருவரின் தன்மையும் பிள்ளையில் கலந்து நடுவாக வரும் என்பதுதான் அன்று எல்லோரும், டார்வின் உட்பட, நம்பியது. அப்படியானால் நல்ல வேறுபாடு ஒன்று தோன்றினால் என்ன ஆகும்? ஒரு மானுக்கு மற்றவற்றைவிட எட்டுப் பங்கு கூடுதல் வேகம் வாய்த்தது என்போம். சாதாரண மானோடு இணைந்தால் குட்டிக்கு நான்கு பங்கு. அந்தக் குட்டியும் சாதாரண மானோடுதான் இணையும்: இரண்டு. அடுத்தது ஒன்று, பிறகு அரை. ஒரு குடம் பாலில் விட்ட சொட்டு டிகாக்‌ஷன்போல வேகம் கரைந்துவிடும், தேர்வு வேலை செய்யத் தொடங்குமுன்பே தேர்ந்தெடுக்க எதுவும் இருக்காது. இதை விளக்க ஜென்கின் எடுத்த உதாரணம், கறுப்பின மக்கள் வாழும் தீவில் கரையொதுங்கும் ஒரு வெள்ளையனைப் பற்றியது. அந்தக் காலத்து இனத்திமிர் அதில் அப்படியே இருக்கிறது. ஆனால் கணக்கில் ஓட்டை இல்லை.

டார்வின் இதை மதித்தார். வேறு எந்த மதிப்புரையையும்விட இது தனக்குப் பயன்பட்டதாக ஹூக்கருக்கு எழுதினார். 1869-இன் ஐந்தாம் பதிப்பில், தனியாக எப்போதோ தோன்றும் பெரிய வேறுபாட்டை நம்புவதை விட்டு, கூட்டத்தில் எல்லாரிடமும் இருக்கும் சிறுசிறு வேறுபாடுகளின் மேல் வாதத்தைச் சாய்த்தார். அதுவும் முழுத் தப்பிப்பு அல்ல. கலப்பு உண்மையென்றால் ஒவ்வொரு தலைமுறையிலும் கூட்டத்தின் மொத்த வேறுபாடே பாதியாகிக்கொண்டு வரும். அதை ஈடுகட்ட, சூழலும் உறுப்பின் பயன்பாடும் நேரடியாகப் புது வேறுபாட்டை உண்டாக்குகின்றன என்பதற்குக் கூடுதல் இடம் கொடுத்தார். லமார்க் சொன்னதற்கு அது ரொம்பவே பக்கம். காலம் குறைவு என்ற கெல்வினின் நெருக்கடியும் அவரை அதே பக்கம்தான் தள்ளியது.

விடை ஏற்கெனவே அச்சில் இருந்தது. இன்றைய செக் நாட்டின் பிர்னோ நகர மடத்தில் கிரிகோர் மெண்டல் உருண்டைப் பட்டாணியையும் சுருங்கிய பட்டாணியையும் இணைத்தார். முதல் தலைமுறை முழுக்க உருண்டை. அவற்றைத் தமக்குள் இணைத்தபோது 5,474 உருண்டையும் 1,850 சுருங்கியதும் வந்தன. சுருக்கம் கரைந்து அரைச்சுருக்கமாக ஆகவில்லை. ஒரு தலைமுறை மறைந்திருந்து முழுதாகத் திரும்பி வந்தது. 1866-இல் வெளியான இதை டார்வின் படித்ததற்குத் தடயம் இல்லை. மெண்டலோ டார்வினின் ஜெர்மன் மொழிபெயர்ப்பைக் கோடு போட்டுப் படித்திருக்கிறார்.

1900-இல் மெண்டலை மறுபடி கண்டெடுத்தவர்களும் டார்வினுக்கு உதவிக்கு வரவில்லை. உருண்டை, சுருக்கம் என்று பளிச்சென்ற மாற்றங்களைப் பார்த்துப் பழகிய அவர்களில் பலர், புதிய இனம் ஒரே தாவலில் பிறக்கிறது, மெதுவான தேர்வு தேவையில்லை என்றார்கள். பரிணாமத்தை ஏற்றுக்கொண்டு இயற்கைத் தேர்வைக் கைவிடுவது அந்த ஆண்டுகளில் உயிரியலாளர்களிடையே சாதாரணம். பல மெண்டல் காரணிகள் சேர்ந்தால் டார்வின் சொன்ன சிறுசிறு வேறுபாடுகளும் வரும் என்று ரொனால்டு ஃபிஷர் 1918-இல் கணக்கால் காட்டினார். 1930-இல் அவர் எழுதிய புத்தகத்தின் முதல் அத்தியாயம் கலப்பு மரபைத்தான் எடுத்துக்கொள்கிறது: கலப்பு உண்மையானால் தலைமுறைக்குத் தலைமுறை வேறுபாட்டில் பாதி புதிதாகப் பிறந்தாக வேண்டும், மெண்டல் வழியில் அதில் மிகச் சிறு துளியே போதும்.