‘நாளைக்குள் இரண்டு ரெஃபரன்ஸ் அனுப்புங்கள்’

இன்டர்வியூ சுற்றுகள் முடிந்து, சம்பளமும் ஏறக்குறைய பேசியாயிற்று. வியாழக்கிழமை சாயங்காலம் ஹெச்.ஆரிடமிருந்து ஒரு மெயில் வருகிறது: ‘நாளைக்குள் இரண்டு ரெஃபரன்ஸ் அனுப்புங்கள். பெயர், பதவி, நிறுவனம், ஆபீஸ் மெயில், கைபேசி எண் வேண்டும்.’ பலரும் உடனே போனைத் திறந்து, பழைய மேனேஜர்கள் இரண்டு பேரின் எண்ணைத் தட்டி அனுப்பிவிடுகிறார்கள். அந்த இருவருக்கும் விஷயமே தெரியாது.

சனிக்கிழமை மதியம் அவர்களில் ஒருவருக்குப் புது எண்ணிலிருந்து அழைப்பு. கிரெடிட் கார்டு விற்பவர்கள் என்று கட் பண்ணிவிடுகிறார். மறுபடி அடிக்கும்போது சிக்னலில் நிற்கிறார். “யாரு, அந்தப் பொண்ணா? ஆமா, நம்மகிட்ட இருந்துச்சு, நல்ல பொண்ணுதான்.” எந்த வருஷம் என்று கேட்டால், “பதினெட்டு, பத்தொன்பது இருக்கும்” என்கிறார். ரெஸ்யூமில் இருப்பதோ 2017 முதல் 2021 வரை. அவருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஞாபகம் இல்லை, அவ்வளவுதான். ஆனால் மறுமுனையில் இருப்பவரின் படிவத்தில் ‘தேதி ஒத்துப்போகவில்லை’ என்று ஏறிவிட்டது.

இதைத் தவிர்க்கப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். ஹெச்.ஆருக்கு ஒரு பதில், ரெஃபரன்ஸ் கொடுப்பவருக்கு ஒரு குறுஞ்செய்தி. எதை முதலில் செய்வது என்பதில்தான் சூட்சுமம். அதே பெண்ணின் நிலையிலிருந்து பார்ப்போம். கிண்டியில் ஒரு நிறுவனத்தில் 2017 முதல் 2021 வரை அக்கவுன்ட்ஸ் பிரிவில் இருந்தவர். இப்போது அம்பத்தூரில் வேலை. அங்கே இன்னும் ராஜினாமா கொடுக்கவில்லை.

முதல் வேலை, ஹெச்.ஆருக்கு அன்றைக்கே பதில் போடுவது. எண்களை அன்றைக்கே கொடுக்க வேண்டும் என்பதில்லை. இப்படி நாலு வரி போதும்: ‘மெயில் கிடைத்தது, நன்றி. இரண்டு பேரிடமும் சம்மதம் கேட்டுவிட்டு நாளை மாலைக்குள் விவரம் அனுப்புகிறேன். தற்போதைய அலுவலகத்தில் நான் இன்னும் சொல்லவில்லை. எழுத்துப்பூர்வமான ஆஃபர் வரும்வரை அங்கே யாரையும் தொடர்புகொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அழைக்கப்போவது உங்கள் அலுவலகமா, வெளி ஏஜென்சியா என்று தெரிவித்தால் அவர்களிடம் சொல்லிவைப்பேன்.’ இப்படிக் கேட்டால் தவறாக எடுத்துக்கொள்வார்களோ என்ற பயம் வேண்டாம். வேலையில் இருந்துகொண்டே வேலை தேடுபவர்களிடமிருந்து ஹெச்.ஆர் எதிர்பார்க்கும் பதில்தான் இது.

அடுத்து, யாரைக் கொடுப்பது? மாமா, சித்தப்பா, ஊரில் பெரிய மனிதர் எல்லாம் பழைய பயோடேட்டா காலத்துக்குச் சரி. இப்போது கேட்பது உங்கள் வேலையை நேரில் பார்த்தவரை. அந்தப் பெண்ணுக்குக் கிண்டி மேனேஜர் ஒருவர் கிடைத்துவிட்டார். இரண்டாவது ஆள்தான் சிக்கல். இப்போதைய மேலாளரைக் கொடுக்க முடியாது. கொடுத்தால் திங்கட்கிழமையே விஷயம் வெளியே வந்துவிடும். இதற்கு நல்ல வழி, இப்போதைய அலுவலகத்தில் உங்களுக்கு மேலே இருந்து, அண்மையில் வேறு இடத்துக்குப் போய்விட்ட ஒருவர். உங்கள் இன்றைய வேலையையும் அவர் பார்த்திருக்கிறார். அங்கே தினமும் போய் உட்காருபவரும் இல்லை. ஆனாலும் பழைய சகாக்களோடு அவர் பேசிக்கொண்டுதான் இருப்பார். அதனால் ‘அங்கே இன்னும் சொல்லவில்லை’ என்பதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்.

ஆளை முடிவு செய்ததும் முதலில் போன், பிறகுதான் மெசேஜ். போனில் கேட்க வேண்டியது ஒன்றே: “சார், உங்க பேரைக் கொடுக்கலாமா? சிரமம்னா பரவாயில்லை, வேற ஒருத்தரைக் கேட்டுக்கறேன்.” மறுப்பதற்கு இப்படி ஒரு வாசலைத் திறந்து வைப்பது முக்கியம். “தாராளமா கொடும்மா” என்று சட்டென்று வந்தால் சரி. “ம்… பார்க்கலாம்” என்று இழுத்தால், நன்றி சொல்லிவிட்டு வேறு ஆளைப் பாருங்கள். ஏனென்றால் ரெஃபரன்ஸ் அழைப்புகளில் வழக்கமாகக் கேட்கும் ஒரு கேள்வி, ‘மறுபடி வாய்ப்பு வந்தால் இவரை வேலைக்கு எடுப்பீர்களா?’ என்பது. அந்த இடத்தில் ஒரு நொடி தயங்கினால்கூட, கேட்கும் அனுபவசாலிக்குப் பதில் கிடைத்துவிடும். சில நிறுவனங்களில் ஊழியர் யாரும் தனிப்பட்ட முறையில் ரெஃபரன்ஸ் தரக் கூடாது, தேதியும் பதவியும் மட்டும் ஹெச்.ஆர் சொல்லும் என்று விதி உண்டு. மேனேஜர் அப்படிச் சொன்னால் அது உங்கள் மேல் உள்ள அதிருப்தி அல்ல.

சம்மதம் கிடைத்த கையோடு வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு செய்தி:

‘வணக்கம் சார். போனில் சொன்ன விஷயம். வேளச்சேரியில் ஒரு நிறுவனத்தில் அக்கவுன்ட்ஸ் பேயபிள் டீம் லீட் வேலைக்குத் தேர்வாகும் நிலையில் இருக்கிறேன். நிறுவனத்தின் பெயர், அழைப்பவர் பெயர், எண் கீழே இருக்கிறது. திங்கள் அல்லது செவ்வாய் அழைப்பார்கள். பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். உங்களிடம் நான் இருந்தது 2017 ஜூன் முதல் 2021 மார்ச் வரை. கடைசிப் பதவி சீனியர் எக்ஸிக்யூட்டிவ். புது வேலையில் வெண்டர் ரீகன்சிலியேஷனும், மாதக் கணக்கு முடிப்பதும் முக்கியம் என்கிறார்கள். ஜிஎஸ்டி வந்த புதிதில் வெண்டர் பில்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோமே, அது ஞாபகம் இருந்தால் சொல்லுங்கள். ரெஸ்யூம் இணைத்திருக்கிறேன். மிக்க நன்றி சார்.’

இந்தச் செய்தியில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு வேலை இருக்கிறது. அழைப்பவர் எண் இருந்தால் விளம்பரக் கால் என்று வெட்ட மாட்டார். தேதியும் பதவியும் ரிலீவிங் லெட்டரைப் பார்த்து எழுதியவை, நினைவிலிருந்து எழுதாதீர்கள். பின்னால் பேக்ரவுண்டு வெரிஃபிகேஷன் நடக்கும்போது பி.எஃப். கணக்கின் யூ.ஏ.என். பதிவில் சேர்ந்த தேதியும் விலகிய தேதியும் தெரிந்துவிடும். மூன்று இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். ‘ஞாபகம் இருந்தால்’ என்று ஒரு வேலையை எடுத்துக் கொடுப்பதுதான் இதில் சிறந்த பகுதி என்பேன். ‘நல்ல பொண்ணு’ என்ற சான்றிதழால் யாருக்கும் பயனில்லை. ‘நூற்றுக்கணக்கான பில்களை உட்கார்ந்து சரி பண்ணினாங்க’ என்பது நிற்கும்.

ஆனால் அதற்கு மேல் போகாதீர்கள். முழு வசனத்தையும் எழுதிக் கொடுத்தால் இரண்டு பேரும் ஒரே வாக்கியத்தை ஒப்பிப்பார்கள், கேட்பவருக்கு உடனே தெரிந்துவிடும். செய்யாத வேலையைச் சொல்லச் சொல்வது அதைவிட மோசம்; மாட்டிக்கொண்டால் அவர் பெயரும் சேர்ந்து கெடும். ‘எதில் முன்னேற வேண்டும்?’ என்ற கேள்வி வரும் என்று மட்டும் முன்கூட்டிச் சொல்லலாம். உண்மையான, சிறிய குறை ஒன்றை அவர் சொன்னால் நல்லதுதான். குறையே இல்லை என்று சாதிப்பதைவிட அது நம்பும்படி இருக்கும்.

இன்னொரு முட்டுக்கட்டை, ஆபீஸ் மெயில். ஓய்வு பெற்ற மேனேஜருக்கும், மூடிப்போன நிறுவனத்தில் இருந்தவருக்கும் ஜிமெயில்தான் இருக்கும். சில ஏஜென்சிகள் அதை ஏற்க மாட்டார்கள். விவரம் அனுப்பும்போதே காரணத்தை ஹெச்.ஆரிடம் சொல்லி, ரிலீவிங் லெட்டர் நகலைச் சேர்த்துவிடுங்கள். தேவைப்பட்டால் வேறொருவர் பெயரும் தர முடியும் என்று எழுதுங்கள்.

புதன்கிழமை வரை அழைப்பு வரவில்லை என்றால், ஹெச்.ஆரிடம் ஒரு தடவை விசாரித்து அந்த இருவருக்கும் தகவல் சொல்லுங்கள். எதிர்பார்த்துக்கொண்டே இருக்க வைக்காதீர்கள். முடிவு எப்படி வந்தாலும் அதை அவர்கள் உங்களிடமிருந்தே கேட்க வேண்டும், லிங்க்ட்இன்னில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. அடுத்த வேலைக்கும் நீங்கள் அழைக்கப்போவது அநேகமாக இதே இரண்டு பேரைத்தான்.