செய்வீர்களா, செய்தீர்களா?

‘என்ன செய்வீர்கள்?’, ‘என்ன செய்தீர்கள்?’ இரண்டுக்கும் ஒரே ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். ஆனால் வேலைக்கு ஆள் எடுக்கும் இன்டர்வியூவில் இந்த இரண்டில் எதைக் கேட்பது என்று உளவியலாளர்கள் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக விவாதித்து வருகிறார்கள்.

முதல் வகைக் கேள்வியை முறைப்படுத்தியவர் கேரி லேதம். 1980-இல் அவரும் மூன்று சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், மரம் அறுக்கும் ஆலை வேலைக்கு வருபவர்களிடம் கேட்பதற்கான ஒரு கேள்வி பிரபலமானது. உங்கள் மனைவிக்கும், பதின்ம வயதுப் பிள்ளைகள் இருவருக்கும் சளி, படுத்திருக்கிறார்கள். பார்த்துக்கொள்ள உறவினரோ நண்பரோ இல்லை. இன்னும் மூன்று மணி நேரத்தில் உங்கள் ஷிஃப்ட். என்ன செய்வீர்கள்? வீட்டிலேயே இருப்பேன் என்றால் 1 மதிப்பெண். மேலாளருக்குப் போன் செய்து நிலைமையைச் சொல்வேன் என்றால் 3. வெறும் சளிதானே, வேலைக்கு வந்துவிடுவேன் என்றால் 5. ‘குடும்பம்தான் முதலில்’ என்று சொல்பவருக்கு ஒன்றா என்று நமக்குச் சுருக்கென்கிறது. அந்த மதிப்பெண் மனிதரின் குணத்துக்கு அல்ல. சொல்லாமல் லீவு போடுகிறவர்களால் திணறுகிற ஒரு வேலைத்தலத்தில் எது நல்ல வேலை என்பதற்கான அளவுகோல் அது.

இரண்டாவது வகையை 1982-இல் முன்வைத்தவர் டாம் ஜான்ஸ். ஒருவர் என்ன செய்யப்போகிறார் என்பதற்கு, அதே மாதிரிச் சூழலில் முன்பு என்ன செய்தார் என்பதே நல்ல சாட்சி என்பது அவர் கட்சி. மனிதர் எதை எண்ணுகிறாரோ அதையே செய்வார் என்பது லேதமின் கட்சி.

யார் ஜெயித்தார்கள்? 2002-இல் பால் டெய்லரும் புரூஸ் ஸ்மாலும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிக் கணக்கிட்டார்கள். இன்டர்வியூ மதிப்பெண்ணும் பிற்பாடு வேலையில் காட்டும் திறனும் எவ்வளவு சேர்ந்து போகின்றன என்பதைக் காட்டும் எண் அது. பூஜ்ஜியம் என்றால் சம்பந்தமே இல்லை, ஒன்று என்றால் அப்படியே பொருந்துகிறது. கற்பனைச் சூழல் கேள்விகளுக்கு ஏறக்குறைய 0.45, நடந்ததைக் கேட்கும் கேள்விகளுக்கு 0.56. எந்தப் பதிலுக்கு எத்தனை மதிப்பெண் என்று மாதிரிப் பதில்களோடு முன்கூட்டியே எழுதி வைத்திருந்த இடங்களில் பின்னது 0.63 வரை ஏறியது. எழுதி வைக்காத இடங்களில் இறங்கி, கற்பனைக் கேள்விக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. ஆக, ‘செய்தீர்களா’ ஜெயித்ததில் பெரும்பங்கு அந்தத் தாளுக்கு. என்னைக் கேட்டால், தாள் இல்லாமல் எந்தக் கேள்வியைக் கேட்டாலும் வந்தவரின் பேச்சழகுக்குத்தான் மதிப்பெண் போடுவோம்.

வேலை சிக்கலாக ஆக இடைவெளி பெரிதாகிறது. 1995-இல் எலைன் புலாகோஸும் நீல் ஷ்மிட்டும் அமெரிக்க மத்திய அரசுத் துறை ஒன்றின் ஊழியர்கள் 216 பேரிடம் இரண்டு வகையையும் சோதித்தார்கள். அனுபவக் கேள்விகள் 0.32 அளவுக்குப் பலித்தன. கற்பனைக் கேள்விகள் ஏறக்குறைய பூஜ்ஜியம். மேல்நிலைப் பதவிகளில் சிக்கலை நான்கு வரிக் கதைக்குள் அடைக்க முடியாமல் போவது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அடைத்தாலும் படித்தவர்களுக்குச் சரியான பதில் எது என்று முகர்ந்துவிடத் தெரியும்.

ஒரு குடோன் சூப்பர்வைசர் வேலையை வைத்துப் பார்ப்போம். கேள்வியை மேசையில் உட்கார்ந்து யோசிக்கக் கூடாது. ஏற்கெனவே அந்த வேலையைப் பார்க்கிறவர்களிடம், ‘இங்கே ஆள் சரியில்லாததால் காசு போன நாள் எது?’ என்று கேட்டு எடுக்க வேண்டும். ஒருவர் சொல்கிறார்: பில்லில் 40 பெட்டி, லாரியில் 38. பழைய சூப்பர்வைசர், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். இரண்டு பெட்டிக் காசு போயே போயிற்று.

இதைக் கற்பனைக் கேள்வியாக்கும்போது, ‘பெட்டி குறைந்தால் தகவல் சொல்வீர்களா?’ என்று கேட்டால் வீண். இல்லை என்று யார் சொல்வார்? இரண்டு பக்கமும் இழுக்க வேண்டும். மணி மாலை ஆறரை. இரண்டு பெட்டி குறைகிறது. அடுத்த ஊருக்கு நேரமாகிறது, உடனே கையெழுத்து வேண்டும் என்கிறார் டிரைவர். சரக்கு இன்றைக்கே கடைகளுக்குப் போயாக வேண்டும் என்று சொன்ன முதலாளி போனை எடுக்கவில்லை. என்ன செய்வீர்கள்? டிரைவர் முன்னிலையில் எண்ணி, குறைவைப் பில்லிலும் லாரி ரசீதிலும் எழுதி, அவர் கையெழுத்தை வாங்கிக்கொண்டு சரக்கை இறக்குவேன் என்றால் 5. முதலாளி பேசும்வரை லாரியை நிறுத்தி வைப்பேன் என்றால் 3. கையெழுத்துப் போட்டுவிட்டு மறுநாள் பேசிக்கொள்வேன் என்றால் 1.

அதே விஷயம் நடந்த கேள்வியானால்: ‘வந்த சரக்கு பில்லோடு ஒத்துப்போகாத ஒரு நாளைச் சொல்லுங்க. என்ன நடந்தது, நீங்க என்ன செஞ்சீங்க, கடைசியில என்ன ஆச்சு?’ மதிப்பெண் தாள் ஏறக்குறைய அதேதான்.

இரண்டு பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் கற்பனைக் கேள்விக்குத் தாளில் உள்ள ஐந்து மதிப்பெண் பதிலை அப்படியே சொல்கிறார். நடந்ததைக் கேட்டதும், ‘நான் எப்பவும் எண்ணிட்டுத்தான் சார் கையெழுத்துப் போடுவேன்’ என்கிறார். காது கொடுக்க வேண்டிய இடம் இது. தமிழில் ‘போடுவேன்’ என்பது இனிமேல் போடுவதற்கும் ஆகும், வழக்கமாகப் போடுவதற்கும் ஆகும். என்றோ ஒருநாள் போட்டதற்கு மட்டும் ஆகாது. ‘செய்தீர்களா’ என்று கேட்டோம், ‘செய்வேன்’ என்று பதில் வந்திருக்கிறது. ‘சரிங்க, கடைசியா எப்போ அப்படி ஆச்சு? எந்தச் சரக்கு?’ என்று திரும்பக் கேட்க வேண்டும். ‘நாங்க பாத்துக்கிட்டோம்’ என்று வந்தால், ‘அதுல நீங்க செஞ்சது எது?’ என்று பிரிக்க வேண்டும். மூன்று முறை கேட்டும் ஒரு நாள் கிடைக்கவில்லை என்றால் அந்தக் கேள்விக்கு 1 போடுவதைத் தவிர வழியில்லை.

இரண்டாமவர் திக்கித் திக்கிப் பேசுகிறார். அரிசி மூட்டை 200 என்று கையெழுத்துப் போட்டுவிட்டார். அடுக்கிய பிறகு எண்ணினால் 197. அன்று இரவே டிரான்ஸ்போர்ட்காரரைப் பிடித்து வாடகையில் கழிக்க வைத்தார். அதற்குப் பிறகு லாரியிலிருந்து இறங்க இறங்கவே பத்துப் பத்தாகச் சாக்பீஸால் கோடு போட வைத்தார். முதலில் தப்பு செய்திருக்கிறார், எனவே 5 இல்லை, 3 போடலாம். கேட்கிற இரண்டு பேரும் தனித்தனியே போட்ட பிறகே ஒப்பிட வேண்டும். ஒருவர் 2, இன்னொருவர் 5 என்றால், நடுவில் 3½ என்று சமரசம் செய்யாமல் எழுதிவைத்த குறிப்புக்குத் திரும்புவது நல்லது. இன்னொரு வசதி, அரிசி மூட்டைக் கதையைப் பழைய இடத்தில் ஒரு போன் போட்டுச் சரிபார்க்கலாம். கற்பனைப் பதிலைச் சரிபார்க்க ஆளே இல்லை.

அப்படியானால் எல்லோரிடமும் நடந்ததையே கேட்டுவிடலாமா? கல்லூரி முடித்து நேரே வரும் பிள்ளை லாரியில் இருந்து ஒரு பெட்டிகூட இறக்கியிருக்க மாட்டான். அவனிடம் குடோன் அனுபவத்தைக் கேட்டு 1 போட்டால் அவன் திறமையை அல்ல, அவனுக்கு வாய்ப்பு வராததை அளக்கிறோம். அங்கே லேதம் பக்கம் சாய்வதே நியாயம்: வேலை எளிமையானது, கதையில் இழுபறி இருக்கிறது, தாளும் கையில் இருக்கிறது. அல்லது கேள்வியின் இடத்தை மாற்றலாம். ‘ஹாஸ்டல் மெஸ்லயோ ஊர்த் திருவிழாவுலயோ காசோ பொருளோ உங்க பொறுப்புல இருந்து கணக்கு இடிச்ச நாள் உண்டா தம்பி?’ என்று கேட்டால், பெரும்பாலும் ஏதாவது ஒரு நாள் கிடைத்துவிடும்.