‘ரொம்ப பிளன்ட்’டா, ‘ரொம்ப சாஃப்ட்’டா?

எழுதின டிராஃப்டை சீனியரிடம் காட்டுகிறீர்கள். “ரொம்ப பிளன்ட்டா இருக்கு” என்கிறார். மாற்றி எழுதிக் காட்டினால் “இப்ப ரொம்ப சாஃப்ட்” என்கிறார். அப்போ எதைத்தான் மாத்தணும்?

எங்கள் டீமுக்கு நடந்ததையே சொல்கிறேன். புராஜெக்ட்டுக்கு ஒரு ஸ்டீல் ஃபிரேம் செய்ய ஒரு லேத் பட்டறையில் ஆறாயிரம் ரூபாய் அட்வான்ஸ் கொடுத்திருந்தோம். 10-ஆம் தேதி தருவதாகப் பேச்சு. 19-ஆம் தேதி வரை வரவில்லை. ரிவ்யூ 28-ஆம் தேதி. பட்டறை அண்ணனுக்கு அனுப்ப நான் எழுதிய முதல் மெசேஜ் இது:

“10-ஆம் தேதியே தருவதாகச் சொன்னீர்கள். இன்னும் வேலையே ஆரம்பிக்கவில்லை. அட்வான்ஸ் வாங்கிவிட்டு ஃபோன் கூட எடுப்பதில்லை. உடனே முடித்துக் கொடுங்கள்.”

பாஸ்அவுட் ஆன அக்கா ஒருவர் படித்துவிட்டு, “மூஞ்சில அடிச்ச மாதிரி இருக்கு” என்றார். உடனே இப்படி மாற்றினேன்:

“வணக்கம் அண்ணா. உங்களுக்கு வேலை நிறைய இருக்கும்னு தெரியும். தொந்தரவுக்கு மன்னிக்கணும். முடிந்தால், நேரம் கிடைக்கும்போது எங்கள் ஃபிரேமையும் கொஞ்சம் பார்க்க முடியுமா?”

அக்கா சிரித்தார். “இதப் படிச்சா அவர் அடுத்த மாசம்தான் தருவாரு.”

இரண்டு டிராஃப்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலாவதில் சூடு எங்கே இருக்கிறது? ‘தேதியே’, ‘வேலையே’ என்ற ஏகாரத்திலும், ‘ஃபோன் கூட’ என்ற ‘கூட’விலும். அவற்றை எடுத்துவிட்டால் தகவல் அப்படியே இருக்கும், குத்தல் மட்டும் போய்விடும். அடுத்து, ‘சொன்னீர்கள்’, ‘வாங்கிவிட்டு’, ‘எடுப்பதில்லை’ என்று வரிக்கு வரி அவர்தான் குற்றவாளி. “ஃபிரேம் இன்னும் கைக்கு வரவில்லை” என்று பொருளை முன்னால் வைத்தால் அதே விஷயம் குற்றச்சாட்டாக இல்லாமல் நிலவரமாகிவிடும். கடைசியாக, வேலை ஆரம்பிக்கவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் பட்டறைக்குப் போய்ப் பார்க்கவே இல்லை. தெரியாததை உறுதியாகச் சொன்னதுதான் அதிலேயே பெரிய பிளன்ட்.

இரண்டாவதில் வேறு சிக்கல். சூட்டைக் குறைக்கப் போய் 10-ஆம் தேதியையும் சேர்த்து அழித்துவிட்டேன். ‘முடிந்தால்’, ‘நேரம் கிடைக்கும்போது’, ‘கொஞ்சம்’ என்று ஒரே வாக்கியத்தில் மூன்று தளர்வு. ஒன்று மரியாதை, மூன்று சேர்ந்தால் “செய்யாவிட்டாலும் பரவாயில்லை” என்று அர்த்தம். இதில் ஒரு வேடிக்கை: முதல் டிராஃப்டிலும் என்றைக்குள் வேண்டும் என்ற தேதி இல்லை. ‘உடனே’ என்பது கோபம், தேதி இல்லை. அதாவது, டோன் தலைகீழாக மாறியும் இரண்டு டிராஃப்டிலும் ஒரே ஓட்டை.

அக்கா சொன்ன வழி இதுதான். மாறக்கூடாததை முதலில் அடிக்கோடு போடு: என்ன வேண்டும், எப்போது வேண்டும், ஏன் அந்தத் தேதி. மீதியில்தான் கை வைக்கணும். மூன்றாவது டிராஃப்ட் இப்படி வந்தது:

“வணக்கம் அண்ணா. 10-ஆம் தேதி வாங்கிக்கொள்வதாகப் பேசிய ஃபிரேம் இன்னும் கைக்கு வரவில்லை. எங்கள் ரிவ்யூ 28-ஆம் தேதி. மோட்டார் மாட்டி ஓட்டிப் பார்க்க நான்கு நாள் தேவை. அதனால் 23-ஆம் தேதி மாலைக்குள் ஃபிரேம் வேண்டும் அண்ணா. வெல்டிங் முடிந்தால் போதும், பெயின்ட் நாங்கள் அடித்துக்கொள்கிறோம். 23 முடியுமா என்று இன்று இரவுக்குள் சொல்லிவிடுங்கள்.”

கெஞ்சலும் இல்லை, அதட்டலும் இல்லை. ‘அண்ணா’வும் பெயின்ட் வரியும் மென்மையைப் பார்த்துக்கொள்கின்றன. அழுத்தத்தைத் தேதிகள் பார்த்துக்கொள்கின்றன.

நிறைய பேர் செய்யும் தப்பு ஒன்று உண்டு. ‘பிளன்ட்’ என்றதும் குத்தும் வரியை அப்படியே விட்டுவிட்டு முன்னால் “தப்பா நினைக்காதீங்க, ஆனால்…” என்று ஒட்டுவார்கள். அது குத்தலை இன்னும் கூர்மையாக்கும். அதனால் சீனியர் கருத்து சொன்னதும் “எந்த வரி?” என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டு வரிதான் இருக்கும். முழு டிராஃப்டையும் திருப்பிப்போட வேண்டியதில்லை. மாற்றியதை விஷயமே தெரியாத ஒரு ஃபிரெண்டிடம் காட்டி, “இவர் என்ன செய்யணும், எப்போதுக்குள்?” என்று கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் சாஃப்ட் ஆகிவிட்டது. “யார் மேல கோபம்?” என்று அவர் திருப்பிக் கேட்டால் இன்னும் பிளன்ட்.

இது எல்லா இடத்துக்கும் ஒரே அளவு இல்லை. இதே விஷயத்தை மூன்றாவது முறை நினைவூட்டும்போது பெயின்ட் வரி போன்ற சலுகை தேவைப்படாது. எச்.ஓ.டி.க்கு எழுதினால் “சொல்லிவிடுங்கள்” என்பது “தெரிவிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்” ஆகும். தேதி மட்டும் எங்கேயும் மாறாது.

அன்று இரவே பட்டறை அண்ணன் பதில் போட்டார்: “23 கஷ்டம், 24 காலையில வந்து எடுத்துக்கங்க.” ஒரு அரை நாள் போச்சு. ஆனால் முதல்முறையாக எங்கள் கையில் ஒரு தேதி இருந்தது.