மீட்டருக்கு மேலே ஏன் கேட்கிறார்?

சென்னையில் ஆட்டோவுக்கு அரசு நிர்ணயித்த கட்டணம் 2013 ஆகஸ்டில் வந்தது. முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய். அப்போது பெட்ரோல் லிட்டர் 75 ரூபாயை ஒட்டி இருந்தது. பின்னாளில் நூறைத் தாண்டிவிட்டது. கட்டணம் மட்டும் பத்தாண்டுக்கும் மேலாக அப்படியே கிடந்தது. மீட்டர் போடாமல் பேரம் பேசும் ஓட்டுநர் மேல் நமக்குக் கோபம் வருவது இயல்புதான். ஆனால் ஒரு கிலோமீட்டர் ஓட்ட அவருக்கு என்ன ஆகிறது என்பதை ஒரு தடவையாவது கூட்டிப் பார்த்துவிட்டுக் கோபப்படலாம்.

சொந்த வண்டி வைத்து ஓட்டும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டவை. ஆளுக்கு ஆள், வண்டிக்கு வண்டி மாறும். மாதம் 25 நாள் ஓட்டுகிறார். நாளொன்றுக்கு வண்டி 110 கிலோமீட்டர் ஓடுகிறது. அதில் பயணி உட்கார்ந்திருப்பது 70 கிலோமீட்டர்தான். மீதி 40 கிலோமீட்டர் காலி ஓட்டம்: காலையில் வீட்டிலிருந்து ஸ்டாண்டுக்கு, இறக்கிவிட்ட இடத்திலிருந்து அடுத்த சவாரிக்கு, செயலியில் அழைத்தவரின் வாசலுக்கு, பெட்ரோல் பங்குக்கு. இந்த 40 கிலோமீட்டருக்கு யாரும் காசு தருவதில்லை. ஆனால் செலவு 110 கிலோமீட்டருக்கும் உண்டு.

முதலில் பெட்ரோல். நெரிசலில் நின்று நின்று போகும் ஆட்டோ லிட்டருக்கு 25 கிலோமீட்டர் கொடுக்கிறது என்று வைத்தால், லிட்டர் 100 ரூபாய் விலையில் கிலோமீட்டருக்கு 4 ரூபாய். ஒரு நாளைக்கு 440. ஓட்டுநர்கள் எல்லோருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த கணக்கு இது ஒன்றுதான், ஏனென்றால் தினமும் கையிலிருந்து போகிறது.

ரிப்பேர் அப்படியில்லை. ஆயில் மாற்றுவது, பிரேக் ஷூ, கிளட்ச் பிளேட், கேபிள் என்று சில்லறையாகப் போவது ஒரு பக்கம். டயர், பேட்டரி, சீட் தைப்பது, எப்போதாவது இன்ஜினைப் பிரித்துச் செய்யும் வேலை என்று மொத்தமாக வருவது இன்னொரு பக்கம். எஃப்.சி. காட்டும் முன் டிங்கரிங்கும் பெயின்டும் செய்யாமல் முடியாது. எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 33,000 ரூபாய் என்று வைப்போம். ஆண்டு ஓட்டமும் 33,000 கிலோமீட்டர் என்பதால் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய், நாளுக்கு 110. வண்டி நன்றாக ஓடும் மாதங்களில் இந்த 110 ரூபாயை எடுத்து வைப்பவர் குறைவு. அது வீட்டுச் செலவில் கரைந்துவிடுகிறது. இன்ஜின் வேலை வரும் வாரத்தில் வருமானமும் நின்றுபோகும், தண்டல் வட்டிக்குக் கடனும் வாங்க வேண்டியிருக்கும்.

அடுத்து பேப்பர். இன்சூரன்ஸ், பெர்மிட், எஃப்.சி. கட்டணம், வரி, புகைச் சான்று, மீட்டருக்கு முத்திரை. இதில் பெரிய தொகை இன்சூரன்ஸ்தான். பெர்மிட் ஐந்தாண்டுக்கு ஒரு முறை, எஃப்.சி. முதல் எட்டு ஆண்டுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, பிறகு வருடா வருடம். மொத்தமாக ஆண்டுக்கு 12,000 ரூபாய் என்றால் நாளுக்கு 40, கிலோமீட்டருக்கு 36 பைசா. பலர் நினைப்பதற்கு மாறாக, இந்தக் கணக்கிலேயே மிகச் சிறியது இதுதான். இதை மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்தான் பெரிதாக மாட்டிக்கொள்கிறார். பெர்மிட் இல்லாத வண்டி விபத்தில் சிக்கினால், பாதிக்கப்பட்டவருக்குக் கொடுத்த நஷ்டஈட்டைக் காப்பீட்டு நிறுவனம் உரிமையாளரிடமே வசூலித்துக்கொள்ள நீதிமன்றங்கள் அனுமதித்திருக்கின்றன. 36 பைசாவுக்குப் பார்த்து லட்சங்களுக்குப் பொறுப்பாவது அப்படித்தான்.

இனி வண்டியின் விலை. 2,80,000 ரூபாய்க்கு வாங்கி எட்டு வருடம் ஓட்டி 80,000 ரூபாய்க்கு விற்றால் இரண்டு லட்சம் தேய்ந்திருக்கிறது. ஃபைனான்ஸில் 2,40,000 வாங்கி மாதம் 7,500 வீதம் நான்கு வருடம் டியூ கட்டினால் வட்டி மட்டும் 1,20,000. இரண்டையும் எட்டு வருடத்துக்குப் பிரித்தால் ஆண்டுக்கு 40,000, நாளுக்கு 133 ரூபாய். ஆனால் கட்டும்போது அப்படிப் பிரித்துக் கட்ட முடியாது. டியூ ஓடும் நான்கு வருடமும் நாளுக்கு 300 ரூபாய் கையிலிருந்து போகிறது. டியூ முடிந்த மறுநாளே வண்டி இலவசமாக ஓடுவதுபோல ஒரு மயக்கம் வந்துவிடும். அந்த நான்கு வருடத்தில் அடுத்த வண்டிக்கு முன்பணம் சேர்க்காதவர் மறுபடி முழுக் கடனில் தொடங்குகிறார்.

கூட்டிவிடுவோம். பெட்ரோல் 440, ரிப்பேர் 110, பேப்பர் 40, வண்டி 133: ஆக நாளுக்கு 723 ரூபாய். ஓடிய 110 கிலோமீட்டருக்குப் பிரித்தால் ஆறரை ரூபாய் சொச்சம். 12 ரூபாய் கட்டணம் தாராளமாகத் தெரியும். ஆனால் காசு தருவது 70 கிலோமீட்டர்தானே? அதற்குப் பிரித்தால் 10 ரூபாய் 33 பைசா ஆகிறது. இதில் ஓட்டுநரின் கூலி இன்னும் சேரவில்லை.

பத்து, பதினோரு மணி நேரம் வண்டியில் உட்காருகிறவருக்கு நாளுக்கு 900 ரூபாய் வேண்டும் என்பது பேராசை ஆகாது. அதையும் சேர்த்தால் 1,623 ரூபாய், பயணி ஏறிய கிலோமீட்டருக்கு 23 ரூபாய். இப்போது 2013 கட்டணத்தில் அதே நாளை ஓட்டிப் பாருங்கள். சவாரி சராசரியாக 4 கிலோமீட்டர் என்றால் மீட்டரில் 51 ரூபாய் விழும். 70 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 900 ரூபாய் வசூல். செலவு 723 போக மிச்சம் 177. கூலியை ஒரு செலவாகவே எண்ணாமல், மிச்சமானதை எடுத்துக்கொள்வதுதான் இந்தத் தொழிலின் வழக்கம். அதனால் எந்தச் செலவு ஏறினாலும் அது முதலில் ஓட்டுநரின் கூலியைத்தான் தின்கிறது.

இதில் எதைக் குறைக்கலாம்? உடனே சொல்வது சி.என்.ஜி. எரிபொருள் செலவு கிலோமீட்டருக்கு 2.75 ரூபாயாக இறங்கினால் நாளுக்கு 137 ரூபாய் மிஞ்சும். பயணி கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் குறையும். நல்லதுதான், பங்கில் வரிசை நீளமாக இல்லாதவரை. அதே பெட்ரோல் வண்டியில் காலி ஓட்டத்தை 40லிருந்து 25 கிலோமீட்டராகக் குறைத்தால் 23 ரூபாய் 19 ஆகிவிடுகிறது. இரண்டு மடங்கு லாபம், அதுவும் ஒரு பாகத்தைக்கூட மாற்றாமல். பள்ளிப் பிள்ளைகளை மாதக் கணக்கில் ஏற்றுகிறவர்களும், ஸ்டாண்டை விட்டு நகராதவர்களும் இதை அனுபவத்தில் கண்டவர்கள். நாள் சந்தா மட்டும் வாங்கும் செயலியில் கமிஷன் மிச்சம் என்று மகிழ்கிறவர், இரண்டு கிலோமீட்டர் காலியாகப் போய் ஒன்றரை கிலோமீட்டர் சவாரியை ஏற்றினால் அந்த மிச்சம் அங்கேயே போய்விடும்.

"தாம்பரமா? ரிட்டர்ன் காலியா வரணும் சார், பார்த்துக் குடுங்க" என்று தி. நகரில் கேட்பதன் கணக்கும் இதுதான். தூரம் 20 கிலோமீட்டர் என்று வைத்தால் மீட்டரில் 243 ரூபாய். காலியாகத் திரும்பினால் 40 கிலோமீட்டருக்குப் பெட்ரோலும் ரிப்பேரும் மட்டுமே 200. இரண்டரை மணி நேரத்துக்கு மிஞ்சுவது 43 ரூபாய். திரும்பும்போது யாராவது 150 ரூபாய்க்கு வந்தாலும் அது முழுசாகக் கைக்கு வரும், எப்படியும் எரியப்போகிற பெட்ரோல்தானே. போகும்போது 350 கேட்டவர், தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் அதே தூரத்துக்கு 150க்கு "ஏறுங்கண்ணா" என்று சொல்வது அதனால்தான்.