சமநிலை எந்தப் பக்கம் நகரும்?

பழுப்பு நிற நைட்ரஜன் டை ஆக்சைடும் நிறமற்ற டைநைட்ரஜன் டெட்ராக்சைடும் மூடிய குடுவையில் சேர்ந்தே இருக்கும். ஒரு N₂O₄ மூலக்கூறு உடைந்தால் இரண்டு NO₂ கிடைக்கும். இரண்டு NO₂ சேர்ந்தால் மறுபடி ஒரு N₂O₄. உடையும் வேகமும் சேரும் வேகமும் சமமாகும்போது வேதிச் சமநிலை ஏற்படுகிறது. வெளிப்பார்வைக்கு எல்லாம் நின்றுவிட்டது போலிருக்கும். உள்ளே இரு வினைகளும் ஓயாமல் நடக்கின்றன.

N₂O₄ ⇌ 2NO₂

சமநிலையில் NO₂ செறிவின் வர்க்கத்தை N₂O₄ செறிவால் வகுத்தால் வருவது சமநிலை மாறிலி, Kc. சமன்பாட்டில் NO₂-வுக்கு முன் 2 நிற்பதால்தான் வர்க்கம் வருகிறது. 25 டிகிரி செல்சியஸில் இதன் மதிப்பு ஏறத்தாழ 0.0046. எவ்வளவு வாயுவை அடைத்தாலும் அந்த வெப்பநிலையில் இந்த எண் மாறுவதில்லை.

ஒரு லிட்டர் குடுவையில் 0.040 மோல் N₂O₄ மட்டும் அடைக்கப்பட்டதாகக் கொள்வோம். அதில் x மோல் உடைந்தால் மிச்சம் 0.040 − x. உருவான NO₂ 2x. எனவே

(2x)² ÷ (0.040 − x) = 0.0046

பிழை அதிகம் நுழையும் இடம் இதுதான். 2x-ஐ x என்று எழுதுவது ஒரு வகை. வர்க்கப்படுத்தும்போது 2-ஐ விட்டுவிட்டு 2x² என்று எழுதுவது இன்னொரு வகை. சரியானது 4x². இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்தால் x = 0.0062. அதாவது NO₂ செறிவு 0.0125, N₂O₄ செறிவு 0.0338. விடையை மறுபடி Kc-இல் போட்டு 0.0046 வருகிறதா என்று பார்க்க அரை நிமிடம் போதும். ஆனாலும் பலர் அதைச் செய்வதில்லை.

x சிறியது என்று கருதி, கீழே உள்ள 0.040 − x-ஐ வெறும் 0.040 ஆக்கிக்கொள்ளும் குறுக்கு வழி இங்கே உதவாது. அப்படிச் செய்தால் x = 0.0068 என்று வரும்; கிட்டத்தட்ட 9 சதவீதப் பிழை. x தொடக்க அளவில் 5 சதவீதத்துக்குள் இருந்தால்தான் அந்த வழியில் போகலாம். இங்கே அது 15 சதவீதத்தைத் தாண்டுகிறது.

இனி அழுத்தம். வாயுவை அமுக்கி, கன அளவை அரை லிட்டராக்கினால் இரு செறிவுகளும் அந்தக் கணமே இரட்டிக்கும்: NO₂ 0.0249, N₂O₄ 0.0675. இவற்றை Kc சூத்திரத்தில் போட்டால் வரும் எண் வினைக் குணகம், Q. இங்கே Q = 0.0092. அது K-ஐவிடப் பெரிது. ஆகவே வினை இடப்பக்கம் போகும், NO₂ குறையும். Q சிறிதாக இருந்தால் வலப்பக்கம். வாயு மோல்கள் குறைவாக உள்ள பக்கம் நகரும் என்று லீ சாட்டிலியர் தத்துவம் சொல்வதும் இதையேதான். ஆனால் மனப்பாட விதியைவிட Q கணக்கு நம்பகமானது.

புதிய சமநிலையில் NO₂ செறிவு 0.0181. பலர் தடுமாறுவது இங்கேதான். இடப்பக்கம் நகர்ந்ததால் NO₂ செறிவு பழைய 0.0125-ஐவிடக் குறைந்திருக்கும் என்று எழுதிவிடுகிறார்கள். 0.0249-இலிருந்து குறைந்தது உண்மை. ஆனாலும் பழைய அளவுக்கு மேலேயே நின்றுவிட்டது. சமநிலை மாற்றத்தைத் தணிக்கும், முழுதாக அழிக்காது. குறைந்தது மோல் எண்ணிக்கை: 0.0125 மோலாக இருந்த NO₂ இப்போது 0.0090. ஆய்வகத்தில் சிரிஞ்சில் அடைத்த வாயுவைச் சட்டென்று அமுக்கும்போது, பக்கவாட்டிலிருந்து பார்த்தால் பழுப்பு முதலில் அடர்ந்து, பிறகு சற்று வெளிறி, முன்பிருந்ததைவிட அடர்வாகவே நிற்கும்.

செறிவு மாற்றத்துக்கும் இதே வழிதான். குடுவையில் கூடுதலாக NO₂ செலுத்தினால் Q ஏறும், வினை இடப்பக்கம் போகும்; N₂O₄ செலுத்தினால் Q இறங்கும், வலப்பக்கம்.

கன அளவு மாறாமல் ஆர்கானைச் செலுத்துவது தேர்வில் வழக்கமான பொறி. மொத்த அழுத்தம் உயரும். ஆனால் NO₂, N₂O₄ செறிவுகள் அப்படியே இருப்பதால் Q மாறாது, சமநிலையும் நகராது. அழுத்தத்தை மாறாமல் வைத்து ஆர்கானைச் சேர்த்தால் கதை வேறு: கன அளவு விரியும், செறிவுகள் குறையும், வினை வலப்பக்கம் போகும். H₂ + I₂ ⇌ 2HI போல இருபுறமும் வாயு மோல்கள் சமமாக இருந்தால் எவ்வளவு அமுக்கினாலும் நகர்வு இல்லை.

இந்த மாற்றங்கள் எதிலும் K மாறவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அதை மாற்றுவது வெப்பநிலை மட்டுமே. செறிவையோ அழுத்தத்தையோ மாற்றிய கணக்கில் K-வுக்குப் புதிய மதிப்பு வந்தால், விடை தவறு.