இணையத்தின் நடுவே ஒரு தனிப்பாதை

தலைமை அலுவலகத்தில் ஒரு ரவுட்டர், கிளையில் ஒன்று, இடையில் இணையம். இரண்டும் ஓஎஸ்பிஎஃப் மூலம் தங்களுக்குத் தெரிந்த பாதைகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஆனால் ஓஎஸ்பிஎஃப்பின் ஹலோ செய்தி 224.0.0.5 என்ற மல்டிகாஸ்ட் முகவரிக்குப் போகிறது; இணையம் அதைச் சுமக்காது. வழக்கமான ஐபிசெக் இணைப்பும் யூனிகாஸ்ட் போக்குவரத்தை மட்டுமே எடுத்துக்கொள்ளும்.

ஜிஆர்இ டனல் அந்தச் செய்தியை இன்னொரு ஐபி பாக்கெட்டுக்குள் வைத்து, எதிர் ரவுட்டரின் பொது முகவரிக்கு அனுப்புகிறது. இரு ரவுட்டர்களும் நேரடிக் கம்பியில் இணைந்தவைபோல் பேசிக்கொள்கின்றன. ஆனால் மறையாக்கம் துளியும் கிடையாது. வழியில் இருப்பவர் எல்லாவற்றையும் படிக்கலாம். அதைத் தடுப்பது ஐபிசெக்கின் வேலை. எனவே ஜிஆர்இ பாக்கெட்டை ஐபிசெக்கால் மூடி அனுப்புவதே சரி என்பேன்.

ஒரு கோளாறு அடிக்கடி வரும். எதிர் ரவுட்டரின் பொது முகவரிக்கான பாதையையே ஓஎஸ்பிஎஃப் டனல் வழியாகக் கற்றுக்கொள்ளும். டனலை அடைய டனலுக்குள்ளேயே போக வேண்டும் என்றாகிவிடும். டனல் விழும், அந்தப் பாதை அழியும், டனல் எழும், மறுபடி விழும். சிஸ்கோ ரவுட்டரின் பதிவில் `%TUN-5-RECURDOWN` என்று தெரியும். அந்த முகவரிக்கு மட்டும் இணைய இணைப்பு வழியாக ஒரு நிலையான பாதையை எழுதிவிட்டால் டனல் நிலைத்து நிற்கும்.